ஐந்து சென்டிமீட்டர் காற்றில் நாற்பத்திரண்டு அலைகள்

வெற்றிடத்தில் ஒளி செல்லும் வேகத்தைக் காற்றில் அது செல்லும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது காற்றின் ஒளிவிலகல் எண். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பொளிக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 1.00027. இந்த எண்ணில் முன்னால் நிற்கும் ஒன்று வெற்றிடத்துக்கும் உரியது; காற்றுக்கென்று உரியது நான்காம் தசம இடத்தில் தொடங்கும் அந்தச் சிறு மிகை மட்டுமே. ஆகவே காற்றின் ஒளிவிலகல் எண்ணை அளப்பது என்று பொதுவாகச் சொல்லப்படும் செயல், உண்மையில் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவான அந்த மிகையை, அதாவது n − 1 என்னும் அளவை, தனியே பிரித்தெடுத்து அளக்கும் செயலாகும். இவ்வுரையில் மிகை என்ற சொல் வரும் இடமெல்லாம் இதையே குறிக்கும்.

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒன்றரை அளவில் இருப்பதால், முப்பட்டகத்தின் வழியே ஒளி எத்தனை டிகிரி விலகுகிறது என்று நிறமாலைமானியில் பார்த்தே அதைக் கணக்கிட்டுவிடலாம். அதே வழியைக் காற்றுக்குக் கையாண்டு, 60 டிகிரிக் கோணமுள்ள உள்ளீடற்ற முப்பட்டகத்திலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்றி அதன் வழியே ஒளியைச் செலுத்தினால், விலகல் ஒரு டிகிரியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகவே இருக்கும். பாரிசில் பியோவும் அராகோவும் 1806இல் முப்பட்டகத்தைக் கொண்டே வாயுக்களின் ஒளிவிலகலை அளந்தார்கள் என்பது அவர்களுடைய கைத்திறனுக்குச் சான்று. ஆயினும் இத்தனை சிறிய மிகையை அளக்கக் கோணத்தைவிட நுட்பமான ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அந்த அளவுகோல் ஒளியின் அலைநீளமே.

அலைநீளம் எவ்வாறு அளவுகோலாகிறது என்பதை எண்களைக் கொண்டு பார்ப்பது எளிது. உட்புற நீளம் 5 சென்டிமீட்டர் உள்ள ஒரு கலத்தின் வழியே ஒளி சென்று, ஆடியில் பட்டு, அதே வழியே திரும்பி வருகிறது என்று கொண்டால், கலத்துக்குள் அது கடக்கும் தொலைவு 10 சென்டிமீட்டர் ஆகும். ஹீலியம்–நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர் என்பதால், கலம் வெற்றிடமாக இருக்கும்போது இந்தத் தொலைவில் 1,58,028 அலைகள் அடங்குகின்றன. கலத்தில் காற்றை நிரப்பினால் ஒளி சற்றே மெதுவாகச் செல்கிறது. அதன் அதிர்வெண் மாறுவதில்லை என்பதால் ஒவ்வோர் அலையும் அதே விகிதத்தில் குறுகுகிறது. அதே தொலைவில் இப்போது சற்று அதிகமான அலைகள் அடங்குகின்றன. எத்தனை அதிகம் என்று கேட்டால், 27 டிகிரி வெப்பநிலையிலுள்ள ஓர் அறையில், ஏறத்தாழ 42. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அலைகளை யாரும் எண்ண வேண்டியதில்லை. கூடுதலாக வந்து சேரும் இந்த நாற்பத்திரண்டை எண்ணினால் போதும். காற்றின் மிகை மட்டும் தனியே கையில் கிடைப்பது இதனால்தான்.

கூடுதல் அலைகளை எண்ணுவதற்கு, அவற்றோடு ஒப்பிட மாறாத அலைத்தொடர் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஒரே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கலத்தின் வழியாகவும் மற்றொன்றைக் கலமில்லாத வேறொரு பாதையிலும் செலுத்தி, பின்னர் இரண்டையும் ஒன்று சேர்க்கிறார்கள். சேரும் இடத்தில் முகடும் முகடும் பொருந்தினால் ஒளி மிகும். முகடும் அகடும் பொருந்தினால் ஒளி அவியும். இவ்வாறு தோன்றும் ஒளிர்வும் இருளும் மாறி மாறி அமைந்த கோலத்தின் ஒவ்வொரு கீற்றும் பட்டை எனப்படுகிறது. இதைத் தோற்றுவிக்கும் கருவி குறுக்கீட்டுமானி. ஒரு பாதையில் ஓர் அலை கூடினாலோ குறைந்தாலோ கோலம் முழுவதும் ஒரு பட்டை அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. திரையில் ஒரு குறியிட்டு, அதைக் கடந்து செல்லும் பட்டைகளை எண்ணுவதும், கலத்துக்குள் கூடும் அலைகளை எண்ணுவதும் ஒன்றே.

வாயுக்களுக்கென்றே இத்தகைய கருவியை முதலில் செம்மையாக அமைத்தவர்களுள் பிரான்சு நாட்டு ஜாமன் குறிப்பிடத்தக்கவர். 1856இல் அவர் வெளியிட்ட அமைப்பில், பின்புறம் வெள்ளிப்பூச்சுள்ள தடித்த கண்ணாடித் தகட்டின் முன்பரப்பிலும் பின்பரப்பிலும் ஒளி எதிரொளித்து, இணையான இரு கற்றைகளாகப் பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரு குழாய்களின் வழியே சென்று, அதே போன்ற இரண்டாம் தகட்டில் மீண்டும் இணைகிறது. இரு பாதைகளும் நெருங்கிச் செல்வதால், மேசையின் அதிர்வும் அறை வெப்பத்தின் ஏற்றத்தாழ்வும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்கி, ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. இன்றைய கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் காணப்படும் மைக்கல்சன் அமைப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதில் அரைப்பூச்சுள்ள கண்ணாடித் தகடு ஒன்று கற்றைப்பிரிப்பானாக நிற்கிறது. அதிலிருந்து ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிரியும் இரு கற்றைகள் இரு ஆடிகளுக்குச் சென்று, திரும்பி, அதே தகட்டில் சேர்கின்றன. கைகள் எனப்படும் இந்த இரு பாதைகளும் விலகி நிற்பதால், ஒரு கைக்கு அருகே ஒருவர் உள்ளங்கையை நீட்டினாலே அங்குள்ள காற்று வெதும்பிப் பட்டைகள் அசையத் தொடங்கும். ஆயினும் ஒளி கலத்தை இருமுறை கடப்பதால் ஒரே நீளமுள்ள கலம் இரு மடங்கு பட்டைகளைத் தருகிறது; அமைப்பும் எளிது. எனவே பின்வரும் விளக்கம் மைக்கல்சன் அமைப்பையே பின்பற்றுகிறது.

கற்றைப்பிரிப்பானுக்கும் ஓர் ஆடிக்கும் இடையே கலம் வைக்கப்படுகிறது. அது இரு முனைகளிலும் தட்டையான கண்ணாடிச் சாளரங்கள் ஒட்டப்பட்ட ஒரு குறுங்குழாய். அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர்க்குழாய் கைப்பம்புக்கும் அழுத்தமானிக்கும் செல்கிறது. லேசரின் முன்னே ஒரு சிறு லென்ஸ் வைத்துக் கற்றையை விரித்தால், திரையில் ஒரே மையமுள்ள வட்டப் பட்டைகள் தோன்றும். காற்று வெளியேறும்போது கலமுள்ள கையின் ஒளிப்பாதை, அதாவது நீளத்தை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கிய அளவு, குறைகிறது. அந்தக் கை நெடிய கையாக இருந்தால் வட்டங்கள் மையத்தில் சுருங்கி மறையும். குறுகிய கையாக இருந்தால் மையத்திலிருந்து புதிய வட்டங்கள் பிறந்து விரியும். வட்டங்கள் செல்லும் திசையைப் பார்த்து ஒளிவிலகல் எண் கூடுகிறதா குறைகிறதா என்று முடிவு செய்ய முற்படும் மாணவர் இங்கே தடுமாறுவதுண்டு. திசை கைகளின் நீளத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையே காற்றைப் பொறுத்தது.

பம்பை இழுத்துக்கொண்டே எண்ணுவது இயல்பாகத் தோன்றினாலும் நல்ல முறையன்று. ஒவ்வோர் இழுப்பிலும் ரப்பர்க்குழாய் துள்ளுகிறது. துள்ளல் மேசைக்குப் பரவுகிறது. மூன்று நான்கு பட்டைகள் ஒரு நொடியில் பாய்ந்து கண்ணுக்குப் பிடிபடாமல் போய்விடுகின்றன. தேர்ந்த ஆய்வாளர்கள் முதலில் எண்ணாமலே காற்றை வெளியேற்றி, ஓரிரு நிமிடம் பொறுத்து, பின்னர் ஊசி வால்வைச் சற்றே திறந்து அறைக்காற்றை மெல்லக் கசியவிடுவார்கள். இப்போது பட்டைகள் சீராக, இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று என்ற அளவில் நகரும். ஐந்து பட்டைகளுக்கு ஒருமுறை அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே, அழுத்தமானி சுழியத்துக்கு, அதாவது அறையின் அழுத்தத்துக்கு, திரும்பும் வரை எண்ணுவார்கள்.

ஒரு கணக்கை முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம். கலத்தின் உட்புற நீளம் 5.00 சென்டிமீட்டர், அறை வெப்பநிலை 27 டிகிரி, அறையின் உண்மையான வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். கைப்பம்பு கலத்தை முழு வெற்றிடமாக்காது. அது நான்கில் மூன்று பங்கு காற்றை எடுத்தாலே நல்ல பம்பு. கசிவின்போது குறிக்கப்பட்ட அழுத்தக் குறைவுகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு 5 பட்டைக்கும் சுமார் 12 கிலோபாஸ்கல் வீதம் இறங்கி வந்து, 30 பட்டைகளுக்கு மொத்தம் 72.4 கிலோபாஸ்கல் ஆகிறது என்று கொள்வோம். பட்டைகளின் எண்ணிக்கையை ஓர் அச்சிலும் அழுத்தத்தை மற்றோர் அச்சிலும் வைத்து வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கிறது. அதன் சாய்வு கிலோபாஸ்கலுக்கு 0.4144 பட்டை. இந்தக் கோட்டை முழு வெற்றிடம் வரை நீட்டினால், 101.3 கிலோபாஸ்கலுக்கு உரிய பட்டைகள் 41.98. கூடுதல் அலைகளின் எண்ணிக்கை N, கலத்தின் நீளம் L, அலைநீளம் λ என்றால், இருமுறை கடப்பதைக் கணக்கில் கொண்டு எழுதும் தொடர்பு இது:

n − 1 = Nλ / 2L

எண்களை இட்டால், 41.98 × 632.8 நானோமீட்டரை 10 சென்டிமீட்டரால் வகுக்க, மிகை 0.0002656 என்றும், ஒளிவிலகல் எண் 1.000266 என்றும் வருகின்றன.

இந்த விடையின் உறுதி எவ்வளவு என்று கேட்பது நியாயம். அலைநீளத்தால் வரும் பிழை புறக்கணிக்கத்தக்கது. நீளத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் அது நூற்றுக்கு 0.2, பட்டையின் ஐந்தில் ஒரு பகுதியை மதிப்பிடுவதில் தவறினால் நூற்றுக்கு 0.7, எளிய முள் அழுத்தமானியின் பிழை நூற்றுக்கு 2. பெரும்பங்கு அழுத்தமானியினுடையது என்பது தெளிவு. ஆகவே மிகையை 0.000266 ± 0.000006 என்று எழுதலாம். மிகையில் நூற்றுக்கு இரண்டு பிழையுள்ள இதே விடை, முழு ஒளிவிலகல் எண்ணாக எழுதப்படும்போது பத்து லட்சத்தில் ஆறு பங்கு பிழையே உடையதாகிறது. கைப்பம்பும் முள் அழுத்தமானியும் கொண்டு இந்த நுட்பம் கிட்டுவது வியப்புக்குரியது. ஆனால் அந்த நுட்பத்தைத் தந்தது, எண்ணப்படாமலே விடப்பட்ட ஒன்றரை லட்சம் அலைகள்தான் என்பதை மறக்கலாகாது. வேலையின் தரத்தைக் காட்டுவது நூற்றுக்கு இரண்டு என்ற எண்ணே.

கோடு நேர்கோடாக இருப்பது ஏன் என்ற கேள்வி இங்கே எழ வேண்டும். காற்றின் மிகை, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிளாட்ஸ்டனும் டேலும் அடர்த்திக்கும் மிகைக்கும் இடையே நிறுவிய தொடர்பு இது. அழுத்தம் என்ற சொல் இந்த விதியில் இல்லை. வெப்பநிலை மாறாதிருந்தால் அடர்த்தி அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்பதால்தான் அழுத்தம் உள்ளே வருகிறது. சுருங்கச் சொன்னால், பட்டைகள் காண்பது அடர்த்தியை, அழுத்தமானி காண்பது அழுத்தத்தை; இரண்டையும் இணைப்பது, யாரும் தொடர்ந்து பார்க்காமல் விட்டுவிடும் வெப்பநிலை. இந்தச் சோதனையில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை. அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியும் இதே வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பம்பை வேகமாக இழுத்து வால்வை அடைத்த பிறகு ஒரு நிமிடம் எதையும் தொடாமல் திரையையும் அழுத்தமானியையும் மாறி மாறிப் பார்ப்பது, ஆய்வேட்டில் இடம்பெறாவிட்டாலும் மிகப் பயனுள்ள பழக்கம். மூன்று வகை நடத்தைகளில் ஒன்று தென்படும். முள் மெல்ல ஏறுகிறது, பட்டைகளோ அசையாமல் நிற்கின்றன என்றால், வேகமாக விரிந்ததால் குளிர்ந்த காற்று கலத்தின் சுவரிலிருந்து வெப்பம் பெற்று அறை வெப்பநிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடைபட்ட கலத்தில் மூலக்கூறுகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடர்த்தி மாறாததால் பட்டைகளும் மாறவில்லை. முள் நிற்கும் வரை பொறுத்திருந்து பின்னர் குறித்தால் போதும். முள்ளும் ஏறுகிறது, பட்டைகளும் அதற்கேற்ப நகர்கின்றன என்றால் கலத்தில் கசிவு உள்ளது. சாளரத்தின் ஒட்டுப்பசையிலோ குழாயின் இணைப்பிலோ காற்று உள்ளே வருகிறது. மூன்றாவதாக, முள் அசையாமல் நிற்க, பட்டைகள் மட்டும் ஒரே திசையில் ஊர்ந்தால், குறை கலத்தில் இல்லை. ஆடியின் தாங்கி வெப்பத்தால் நீள்கிறது, அல்லது அறைக்காற்று ஒரு கையில் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. வால்வைத் திறந்து கலத்தை அறையோடு இணைத்துவைத்த நிலையிலும் ஊர்தல் நீடித்தால் ஐயமில்லை. கருவியின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அரை மணி நேரம் விட்டு, மீண்டும் தொடங்குவதே வழி.

முதல் வகை, தீங்கற்றதுபோல் தோன்றினாலும் கணக்கில் சத்தமின்றிப் புகுந்துவிடும். கலத்துக் காற்று அறையைவிட 3 டிகிரி குளிர்ந்திருக்கும் நொடியில் அழுத்தம் குறிக்கப்பட்டால், அந்த அழுத்தத்துக்கு அறை வெப்பநிலையில் உரிய அடர்த்தியைவிட நூற்றுக்கு ஒன்று அதிகமான அடர்த்தி கலத்தில் இருக்கிறது. கசியவிடும்போது நேர்மாறாக, உள்ளே புகும் காற்று ஏற்கெனவே உள்ள காற்றை அமுக்குவதால் அது சற்றே சூடாகிறது. மெல்லக் கசியவிட வேண்டும் என்பதற்கு, எண்ணுவதற்கு எளிது என்பதைவிட இதுவே வலுவான காரணம். வேகம் மிகுந்திருந்தால் வரைபடத்தில் கோடு மெல்ல வளையும். கோடு நேராகவே இருந்து தொடக்கப்புள்ளியின் வழியே செல்லாமல் விலகி நின்றால் அது வேறு நோய்: முதல் ஓரிரு பட்டைகள் எண்ணப்படாமல் போயிருக்கும், அல்லது அழுத்தமானியின் முள் ஓய்வில் இருக்கும்போதே சுழியத்தில் நிற்காது. சாய்வை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு இந்த இரண்டு குறைகளும் தீங்கு செய்வதில்லை. முதல் அளவையும் கடைசி அளவையும் மட்டும் கொண்டு கணக்கிடுபவரையே அவை ஏமாற்றும்.

சாய்வைப் பெற்ற பிறகும் ஒரு பொறி மிஞ்சியிருக்கிறது. எளிய அழுத்தமானி காட்டுவது அறைக்கும் கலத்துக்கும் உள்ள வேறுபாட்டையே. அறையின் முழு அழுத்தம் எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. கோட்டை வெற்றிடம் வரை நீட்டுவதற்கு அந்த முழு அழுத்தம் தேவை. கடலோர ஊர்களில் 101 கிலோபாஸ்கல் என்று எழுதிவிட்டாலும் பெரிய தவறு நேராது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகையில் அதே எண்ணை எழுதினால், அங்கு உண்மையில் நிலவும் 77 கிலோபாஸ்கல் அளவுக்கு மாறாக, மூன்றில் ஒரு பங்கு மிகையான விடை வரும். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தை நம்பியும் பயனில்லை. பல இடங்களை ஒப்பிடுவதற்காக அது வழக்கமாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டே வெளியிடப்படுகிறது. ஆய்வகத்திலேயே ஒரு பாரமானி இருக்க வேண்டும். உதகைக் காற்றின் மிகை, 20 டிகிரியில், ஏறத்தாழ 0.00021 மட்டுமே; அங்கே 0.00027 என்று விடை எழுதியவர் பாடநூலை அளந்திருக்கிறார், காற்றையன்று.

வேறிடத்து விடைகளோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு பொது நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மேலே கண்ட 0.0002656 என்ற மிகையை, 27 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு, முழு வெப்பநிலைகளான 300.15 கெல்வினுக்கும் 288.15 கெல்வினுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் 0.0002767 கிடைக்கிறது. இந்த நிறத்துக்கு உலர்ந்த காற்றின் ஏற்கப்பட்ட மதிப்பு 0.0002765. இத்தனை நெருக்கம் எடுத்துக்காட்டுக்காக எண்கள் தெரிவுசெய்யப்பட்டதால் அமைந்தது; நேர்மையான கைச்சோதனையில் நூற்றுக்கு இரண்டுக்குள் வந்தால் மனநிறைவு கொள்ளலாம். ஈரம் ஒரு சிறு திருத்தம் கோருகிறது: அதே அழுத்தத்தில் நீராவியின் மிகை காற்றினுடையதைவிடக் குறைவு என்பதால், 30 டிகிரியில் ஈரம் முழுதும் செறிந்த காற்றின் மிகை உலர்ந்த காற்றினுடையதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 குறைந்திருக்கும். உள்ளே வரும் காற்றை சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயின் வழியே வரச் செய்தால் இந்தத் திருத்தமும் தேவைப்படாது.

எண்ணும் முறைக்கே உரிய ஒரு குறையும் உண்டு. லேசர் ஒளியின் பட்டைகள் அனைத்தும் ஒரே தோற்றமுடையவை. பதினேழாம் பட்டையைப் பதினெட்டாம் பட்டையிலிருந்து பிரித்தறிய அதில் எந்த அடையாளமும் இல்லை. எண்ணும் நடுவே ஒருவர் கதவை அடித்துச் சாத்தினால், கோலம் நடுங்கி அடங்கிய பிறகு எத்தனை பட்டைகள் கடந்தன என்பதை மீட்க வழியில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணுக்குப் பதில் ஒளி உணரும் டையோடு ஒன்றை வைத்துத் தானாக எண்ணச் செய்தாலும் இதே இடர் தொடர்கிறது: ஒரு பட்டை முன்னே சென்று அதே வழியில் திரும்பினால் ஒற்றை டையோடு அதை இரண்டு என்று எண்ணும். கால் பட்டை இடைவெளியில் இரு டையோடுகளை வைத்து, எது முந்தி ஒளிர்கிறது என்று பார்த்தாலொழியத் திசை தெரியாது.

லேசர் இல்லாத காலத்து ஆய்வாளர்கள் இதற்கு வெண்ணொளியைத் துணைகொண்டார்கள். வெண்ணொளியில் ஒவ்வொரு நிறமும் தன் அலைநீளத்துக்கேற்ற இடைவெளியில் பட்டைகளை அமைப்பதால், இரு பாதைகளும் சமமாகும் ஒரே இடத்தில் மட்டும் எல்லா நிறங்களும் ஒன்றுகூடி வெண்மையான நடுப்பட்டை தோன்றுகிறது. இருபுறமும் சில வண்ணப் பட்டைகளுக்குப் பின் கோலம் மங்கி மறைகிறது. கலத்தில் காற்று மாறும்போது நடுப்பட்டை பார்வையைவிட்டு விலகும். மற்றப் பாதையிலுள்ள கண்ணாடித் தகட்டைச் சாய்த்து அதைத் திரும்பக் கொண்டுவந்து, எவ்வளவு சாய்த்தோம் என்பதிலிருந்து விடை பெறலாம். இதில் எண்ணிக்கை தவறுவதற்கு இடமில்லை என்று தோன்றினாலும், காற்று நிறங்களைப் பிரிக்கும் விதமும் கண்ணாடி பிரிக்கும் விதமும் ஒன்றல்ல என்பதால், ஈடுசெய்யும் அளவு கூடக் கூட வெண்பட்டை தன் இடத்தைவிட்டு மெல்லப் பக்கத்துப் பட்டைக்குத் தாவிவிடுகிறது. கண் காணும் வெண்பட்டை உண்மையான நடுப்பட்டையன்று என்பதை உணராதவர் ஒரு முழுப் பட்டை தவறுவார்.

ராலே பிரபு 1896இல் ஆர்கான், ஹீலியம் ஆகிய வாயுக்களை ஆராய்ந்தபோது இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தவிர்த்தார். அவருடைய அமைப்பில் இரு துளைகளின் வழியே பிரிந்த ஒளி இரு குழாய்களைக் கடக்கிறது. ஒன்றில் காற்று, மற்றொன்றில் ஆராயப்படும் வாயு. பட்டைகள் நகர்வதை எண்ணாமல், அழுத்தங்களை மாற்றி மாற்றிச் சரிசெய்து, பட்டைகள் தம் இடத்தைவிட்டு அசையாதிருக்கும் நிலையை அவர் நாடினார். அந்த நிலையில் இரு வாயுக்களின் மிகைகளுக்கு உள்ள விகிதம், மாற்றப்பட்ட அழுத்தங்களின் விகிதத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. இரு குழாய்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பதால் அந்தத் தொல்லையும் நீங்குகிறது. ஆர்கானின் மிகை காற்றினுடையதில் ஏறத்தாழ 0.96 பங்கு என்பது இவ்வழியில் தெரிந்தது. ஆனால் விகிதம் விகிதமே. காற்றின் மிகையை யாரேனும் ஒருவர் வெற்றிடத்திலிருந்து எண்ணித் தந்திருந்தால்தான் ஆர்கானுக்கும் ஓர் எண்ணைச் சொல்ல முடியும்.

அந்த எண் இயற்பியல் ஆய்வகத்துக்கு வெளியேயும் தேவைப்பட்டது. 1892–93இல் மைக்கல்சன் பாரிசை அடுத்த செவ்ர் நகரிலுள்ள பன்னாட்டு அளவைக் கூடத்தில், பெனுவாவோடு சேர்ந்து, மீட்டர்க் கோலைக் காட்மியத்தின் சிவப்பொளியைக் கொண்டு அளந்து, 15 டிகிரியில், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமுள்ள காற்றில், ஒரு மீட்டருக்கு 15,53,163.5 அலைகள் என்று அறிவித்தார். வெப்பநிலையும் அழுத்தமும் அந்த எண்ணோடு சேர்த்தே சொல்லப்படுவதற்குக் காரணம், இந்த அலைகளுள் ஏறத்தாழ 429 காற்று இருப்பதால் மட்டுமே வந்து சேர்ந்தவை என்பதே. அறையின் வெப்பநிலையில் ஒரு டிகிரி தவறினால் எண்ணிக்கை ஒன்றரை அலை மாறும். கடைசித் தசம இடத்தை எழுத வேண்டுமானால் வெப்பமானியை ஒரு டிகிரியின் சிறு பின்னம் வரை நம்ப முடிய வேண்டும். இன்று நீளத்தை லேசரால் அளக்கும் கருவிகளும் காற்றின் வழியே செயல்படும்வரை இதே கடனைச் செலுத்துகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வெப்பநிலை, அழுத்தம், ஈரம் ஆகிய மூன்றையும் உணரிகளால் அறிந்து, எட்லேன் 1966இலும் சிடோர் 1996இலும் வகுத்த சமன்பாடுகளின்படி ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. அந்தச் சமன்பாடுகள் உலர்ந்த காற்றையும் நீராவியையும் கரியமில வாயுவையும் அறியும். பட்டறையில் மிதக்கும் கரைப்பான் ஆவியை அறியா. அத்தகைய இடங்களில் அளக்கும் கற்றையின் அருகிலேயே ஒரு கலத்தை வைத்து, காற்றை வெளியேற்றி, அறைக்காற்றையே உள்ளே விட்டுப் பட்டைகளை எண்ணுகிறார்கள். எந்த வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அந்தக் கலம் கேட்பதில்லை. அந்த நேரத்து அந்த இடத்துக் காற்று எத்தனை அலைகளைக் கூட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறது.